சம எண்ணிக்கையில் a, b: மூன்று நிலைமைகளும் எழுதியும் நிரூபணம் ஏன் நிற்கவில்லை?

யீஷூன்_மாலா

வணக்கம். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகக் கணினி அறிவியல் படிக்கிறேன். வார இறுதியில் வட்டார நூலகத்தில் சில பேர் சேர்ந்து படிப்போம். அங்கே ஒரு கேள்வியில் வாக்குவாதம் முற்றிவிட்டது, அதனால் இங்கே போடுகிறேன்.

கேள்வி இதுதான். a, b என்ற இரண்டு எழுத்துகளும் சம எண்ணிக்கையில் வரும் எல்லாச் சரங்களும் சேர்ந்த மொழி L. அது ரெகுலர் அல்ல என்று பம்பிங் லெம்மாவை வைத்து நிரூபிக்க வேண்டும். எங்களில் பெரும்பாலோர் எழுதிய விடை:

> L ரெகுலர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் லெம்மா சொல்லும் நீளம் p இருக்கிறது. p இரட்டைப்படை என்று கொள்ளலாம், இல்லாவிட்டால் ஒன்று கூட்டிக்கொள்ளலாம். n = p/2, w = a^n b^n. w = xyz என்று பிரித்தால் y மூன்று விதமாக இருக்கலாம். y முழுக்க a என்றால், y-ஐ இரண்டு முறை எழுதும்போது a அதிகமாகிவிடும். முழுக்க b என்றால் b அதிகமாகிவிடும். இரண்டும் கலந்திருந்தால் b-க்குப் பிறகு a வந்து வரிசை குலையும். மூன்றிலும் சரம் L-இல் இல்லை. முரண்பாடு.

மூன்றாவது நிலைமைக்குப் பக்கத்தில் திருத்தியவர் "வரிசை பற்றிக் கேள்வியில் எங்கே இருக்கிறது?" என்று சிவப்பில் எழுதிப் பாதி மதிப்பெண்ணைக் கழித்துவிட்டார். a^n b^n மொழிக்கு இதே மூன்று நிலைமைகளை வைத்துத்தான் வகுப்பில் செய்து காட்டினார்கள். அங்கே சரியாக இருந்தது இங்கே எப்படித் தப்பாகும்?

கிளமெண்டி_குமரன்

மாலா அக்கா, பிரச்சினை உங்கள் சரத்தில்தான். பாதி பாதி என்று எடுக்காதீர்கள். w = a^p b^p என்று எடுங்கள், முடிந்தது கதை. நான் போன ஆண்டு அப்படித்தான் எழுதினேன், முழு மதிப்பெண் கிடைத்தது. இந்தச் சரத்தில் y எங்கே விழுந்தாலும் பம்ப் பண்ணினால் எண்ணிக்கை மாறிவிடும்.

|xy| ≤ p என்று ஒரு நிபந்தனை வருமே, அதைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். லெம்மாவை எழுதும்போது அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், போதும்.

பழைய_விரிவுரையாளர்

மாலா, திருத்தியவர் கேட்டது நியாயமான கேள்வி. உங்கள் சரத்தையே சின்ன அளவில் எடுத்துப் பார்ப்போம். p = 6 என்றால் w = aaabbb. நான் உங்களுக்கு எதிராளி. பிரிப்பது என் உரிமை. x = aa, y = ab, z = bb என்று பிரிக்கிறேன்.

y-ஐ இரண்டு முறை எழுதுங்கள்: aaababbb என்று வரும். நீங்கள் சொன்னபடி வரிசை குலைந்துவிட்டது. ஆனால் எண்ணிப் பாருங்கள், a நான்கு, b நான்கு. மூன்று முறை எழுதினால் ஐந்துக்கு ஐந்து. y-ஐ எடுத்தே விட்டால் aabb, இரண்டுக்கு இரண்டு. எத்தனை முறை எழுதினாலும் சரம் L-ஐ விட்டு வெளியே போகவில்லை. நீங்கள் தேடிய முரண்பாடு கிடைக்கவே இல்லை.

a^n b^n மொழியில் இரண்டு விதிகள் இருக்கின்றன. எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும், a எல்லாம் b-க்கு முன்னால் வர வேண்டும். வகுப்பில் மூன்றாவது நிலைமையில் உடைந்தது இரண்டாவது விதி. L-இல் அந்த விதியே கிடையாது. abba, baab, bbaaab இப்படி எல்லாமே L-இல் இருக்கின்றன. இரண்டு மொழிகளும் ஒரே கேள்வி போலத் தெரிந்தாலும் L ரொம்பப் பெரியது, அதில் எதிராளிக்கு ஒளிந்துகொள்ள இடம் நிறைய.

இந்த லெம்மாவை ஓர் ஆட்டமாக நினைத்துக்கொண்டால் யார் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது குழம்பாது. p-ஐச் சொல்வது எதிராளி. p அளவாவது நீளமுள்ள ஒரு w-ஐ L-இலிருந்து எடுத்துக் கொடுப்பது நாம். அதை xyz என்று பிரிப்பது எதிராளி, ஆனால் y காலியாக இருக்கக்கூடாது, |xy| ≤ p இருக்க வேண்டும். கடைசியில் i என்ன என்று சொல்வது நாம். xy^i z வெளியே போனால் நமக்கு வெற்றி. எதிராளி எப்படிப் பிரித்தாலும் நாம் ஜெயிக்க வேண்டும். அவருக்கு ஒரே ஒரு நல்ல பிரிப்பு கிடைத்தால்கூட நிரூபணம் விழுந்துவிடும்.

குமரன் தம்பி, நீங்கள் சொன்ன சரம் சரி, சொன்ன காரணம் சரியில்லை. a^p b^p-இலும் நடுவில் ஓர் ab இருக்கத்தானே செய்கிறது? எதிராளி அதை y ஆக எடுத்துவிட்டால் மேலே நடந்ததுதான் மறுபடி நடக்கும். "y எங்கே விழுந்தாலும் எண்ணிக்கை மாறும்" என்பது உண்மையல்ல. அந்த நடு இடத்துக்கு எதிராளியின் கை எட்டாது என்பதுதான் காரணம். எட்டாமல் தடுப்பது நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று சொன்ன அந்த நிபந்தனை.

முதல் p எழுத்துகளும் a. xy அந்த முதல் p எழுத்துகளுக்குள் அடங்கிவிட வேண்டும். ஆகவே y-இல் a தவிர வேறெதுவும் இருக்க முடியாது. மாலாவின் இரண்டாவது நிலைமையும் மூன்றாவது நிலைமையும் எழவே எழாது.

கிளமெண்டி_குமரன்

சரி ஐயா, நடுவில் இருக்கும் ab-ஐ நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ஒரு சந்தேகம். அந்த நிபந்தனை இல்லாமல், வேறு புத்திசாலித்தனமான சரம் ஒன்றை எடுத்து ஜெயிக்க முடியாதா? நான் படித்த குறிப்பில் லெம்மாவை அந்த நிபந்தனை இல்லாமலேதான் கொடுத்திருந்தார்கள்.

பழைய_விரிவுரையாளர்

முடியாது. எந்தச் சரத்தை எடுத்தாலும் முடியாது.

L-இல் காலியில்லாத ஒரு சரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் a-வும் இருக்கும், b-யும் இருக்கும். இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போனால் ஏதாவது ஓர் இடத்தில் எழுத்து மாறித்தான் ஆக வேண்டும். மாறும் இடத்தில் ab அல்லது ba பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அந்த இரண்டு எழுத்துகளை எதிராளி y ஆக எடுத்துக்கொள்கிறார். அதை எத்தனை முறை எழுதினாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில்தான் கூடும், குறையும்.

அதாவது நிபந்தனையில்லாத லெம்மாவை L முழுமையாக நிறைவேற்றுகிறது, p = 2 என்று வைத்தாலே போதும். லெம்மாவை நிறைவேற்றுவதால் ஒரு மொழி ரெகுலர் ஆகிவிடாது என்பதற்கும் இதுவே உதாரணம். a^n b^n மொழியை அந்த வலுக்குறைந்த லெம்மாவால் வீழ்த்திவிடலாம், மாலா எழுதிய மூன்று நிலைமைகளே அதற்குப் போதும். L-ஐ வீழ்த்த முடியாது. உங்கள் குறிப்பில் இருந்த லெம்மா தவறில்லை, இந்தக் கேள்விக்குப் பற்றாது, அவ்வளவுதான்.

நிபந்தனை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொழி ரெகுலர் என்றால் அதைப் படிக்கும் டிஎஃப்ஏ ஒன்று இருக்கும். அதற்கு p நிலைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் p எழுத்துகளைப் படிக்கும்போது, தொடக்க நிலையையும் சேர்த்து p + 1 முறை ஏதோ ஒரு நிலையில் இருக்கிறது. இருப்பதோ p நிலைகள். புறாக்கூண்டுக் கொள்கைப்படி ஏதாவது ஒரு நிலை இரண்டாம் முறை வந்தே தீரும். முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடையில் படித்ததுதான் y. சரம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அந்தச் சுழல் முதல் p எழுத்துகளுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். |xy| ≤ p என்பது இதைத்தான் சொல்கிறது.

தெம்பனிஸ்_நிலா

நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. ஐயா சொன்ன ஆட்டத்தில் எதிராளியின் எல்லாப் பிரிப்புகளையும் பைத்தானில் ஓட்டிப் பார்த்தேன். p-க்குள் அடங்கும் எல்லா xyz-ஐயும் முயன்று, பம்ப் பண்ணியும் தப்பிக்கும் பிரிப்புகளை மட்டும் இது திருப்பித் தரும்.

```python
def eq(w):
    return w.count("a") == w.count("b")

def survivors(w, p):
    out = []
    for e in range(1, p + 1):
        for s in range(e):
            x, y, z = w[:s], w[s:e], w[e:]
            if all(eq(x + y*i + z) for i in range(4)):
                out.append((x, y, z))
    return out

print(len(survivors("aaaaabbbbb", 5)))
print(len(survivors("aaabbb", 6)))
print(len(survivors("ababababab", 5)))
```

விடை 0, 3, 6 என்று வருகிறது. a^5 b^5-க்கு எதிராளியிடம் 15 பிரிப்புகள் இருக்கின்றன, ஒன்றுகூடத் தப்பிக்கவில்லை. மாலா அக்காவின் சரத்தில் மூன்று தப்பிக்கின்றன: y = ab, y = aabb, y = aaabbb. எல்லாமே நடுவை ஒட்டி விரிந்தவை. (ab)^5-இல் ஆறு தப்பிக்கின்றன.

இந்தக் கடைசிச் சரத்தைப் பற்றித்தான் கேட்க வந்தேன். எங்கள் வகுப்பில் ஒருவர் w = (ab)^p என்று எடுத்தார். நீளம் 2p, L-இல் இருக்கிறது, எல்லா நிபந்தனையும் சரிதானே என்றார். அது ஏன் தோற்கிறது?

பழைய_விரிவுரையாளர்

நிலா, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இது p = 5, p = 6 என்ற குறிப்பிட்ட அளவுகளுக்கான சோதனை. நிரூபணம் எல்லா p-க்கும் நிற்க வேண்டும். ஒரு சரம் தோற்கிறது என்று காட்ட இது ரொம்ப உதவும், ஜெயிக்கிறது என்று காட்டப் போதாது.

(ab)^p முதல் இரண்டு எழுத்துகளிலேயே தோற்றுவிடுகிறது. x காலி, y = ab. p இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் |xy| = 2, நிபந்தனைக்குள் அடங்கிவிட்டது. பிறகு எத்தனை முறை எழுதினாலும் அது (ab)-யின் ஏதோ ஓர் அடுக்குதான்.

நீங்கள் கேட்டதைக் கொஞ்சம் நீட்டினால் எந்தச் சரம் ஜெயிக்கும், எது தோற்கும் என்று முழுமையாகவே சொல்லிவிடலாம். L-இல் உள்ள ஒரு w-ஐ எடுத்து அதன் முதல் p எழுத்துகளை மட்டும் பாருங்கள். அதற்குள் எழுத்து ஒரு முறை மாறினாலும் அங்கே ab அல்லது ba கிடைத்துவிடும், எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு ஜெயிப்பார். மாறவே இல்லை என்றால் y ஒரே எழுத்தால் ஆனது, பம்ப் பண்ணினால் அந்த எழுத்து மட்டும் கூடும், நாம் ஜெயிப்போம். ஆகவே முதல் p எழுத்துகளும் ஒன்றாக இருக்கும் சரங்கள் ஜெயிக்கும், மற்ற எல்லாமே தோற்கும். இடைப்பட்டது எதுவும் இல்லை.

அப்படிப் பார்த்தால் a^p b^p-இல் தனிச் சிறப்பு எதுவும் இல்லை. b^p a^p எடுக்கலாம். a^p-க்குப் பிறகு b-களை எப்படிக் கலைத்துப் போட்டாலும், நடுவில் இன்னும் சில a-க்களைச் செருகினாலும், மொத்தக் கணக்கு சமமாக இருந்தால் போதும். எழுதுவதற்குச் சுலபம் என்பதால் எல்லோரும் a^p b^p எடுக்கிறார்கள்.

சிராங்கூன்_செந்தில்

எல்லோரும் ஏன் இதை இவ்வளவு கஷ்டப்படுத்துகிறீர்கள் என்று புரியவில்லை. இந்த மொழி ரெகுலர்தான். எங்கள் ஆசிரியர் ஐந்தே நிலைகளில் டிஎஃப்ஏ வரைந்து காட்டினார். ab எத்தனை முறை வருகிறதோ அத்தனை முறை ba வர வேண்டும், அவ்வளவுதானே? முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றாக இருந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ரெகுலர் அல்ல என்று எப்படி நிரூபிப்பீர்கள்?

யீஷூன்_மாலா

செந்தில், எங்கள் கேள்வியில் எண்ண வேண்டியது a என்ற எழுத்தையும் b என்ற எழுத்தையும். நீங்கள் எண்ணுவது ab, ba என்ற ஜோடிகளை. aab என்ற சரத்தை எடுத்தால் எங்கள் கணக்கில் 2-க்கு 1, உங்கள் கணக்கில் 1-க்கு 0. aba எடுத்தால் எங்கள் கணக்கில் 2-க்கு 1, அது L-இல் இல்லை. உங்கள் கணக்கில் 1-க்கு 1, அது உள்ளே வந்துவிடும்.

பழைய_விரிவுரையாளர்

மாலா சொன்னதுதான். ஆனால் செந்தில் கொண்டுவந்த மொழியைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. அவர் ஆசிரியர் வரைந்த ஐந்து நிலைகளும் சரி. ஒரு சரத்தில் a-விலிருந்து b-க்கு மாறிவிட்டால், மறுபடி ab வருவதற்கு முன் b-யிலிருந்து a-க்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். ab-யும் ba-வும் மாறி மாறித்தான் வர முடியும். ஆகவே இரண்டின் எண்ணிக்கைக்கும் இடையே உள்ள வித்தியாசம் எந்தக் கட்டத்திலும் ஒன்றைத் தாண்டாது. முதல் எழுத்து என்ன, இப்போதைய எழுத்து என்ன என்று நினைவில் வைத்தால் போதும். தொடக்கத்துக்கு ஒரு நிலை, மற்றவற்றுக்கு நான்கு.

எழுத்துகளை எண்ணும்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. a நூறு முறை வந்த பிறகுகூட b ஒன்றும் வராமல் இருக்கலாம். வித்தியாசத்துக்கு உச்சவரம்பு கிடையாது. "சம எண்ணிக்கை" என்ற சொல்லைப் பார்த்ததும் ரெகுலர் அல்ல என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வித்தியாசம் எவ்வளவு தூரம் போகலாம் என்றுதான் பார்க்க வேண்டும்.

மண்டபக்_கதவு

மன்னிக்கவும், நான் படிப்பவன் இல்லை, கட்டடப் பராமரிப்பில் மென்பொருள் பக்கம் இருக்கிறேன். ஐயா கடைசியாகச் சொன்னது என் பிரச்சினை மாதிரியே இருக்கிறது. ஒரு பல்நோக்கு மண்டபத்தின் கதவில் உள்ள கருவி, ஆள் உள்ளே போனால் I, வெளியே வந்தால் O என்று பதிவு செய்கிறது. இரவு மண்டபத்தைப் பூட்டும்போது அன்றைய வரியில் I-யும் O-வும் சமமா என்று பார்க்க வேண்டும். நான் ரெஜெக்ஸில் எழுத முயன்றபோது உடன் வேலை செய்பவர் "பம்பிங் லெம்மா படித்ததில்லையா, அது முடியவே முடியாது" என்றார். மண்டபத்தில் 50 பேருக்கு மேல் அனுமதி இல்லை. நிஜமாகவே முடியாதா?

தெம்பனிஸ்_நிலா

அண்ணா, `w.count("I") == w.count("O")` ஒரே வரிதானே? ரெஜெக்ஸ் எதற்கு?

மண்டபக்_கதவு

கருவி விற்றவர்கள் கொடுத்த திரையில் விதி எழுத ஒரு பெட்டிதான் இருக்கிறது, அதில் ரெஜெக்ஸ் மட்டும்தான் போட முடியும் தங்கச்சி.

பழைய_விரிவுரையாளர்

உங்கள் நண்பர் லெம்மாவைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார், ஆனால் உங்கள் மொழி L இல்லை. காலையில் மண்டபம் காலி, எப்போதும் 50 பேருக்கு மேல் இல்லை என்றால், I-க்கும் O-வுக்கும் உள்ள வித்தியாசம் 0 முதல் 50 வரைக்குள்தான் இருக்கும். ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் ஒரு நிலை என்று 51 நிலைகள், எல்லை மீறினால் போய் விழ இன்னொன்று, மொத்தம் 52. கடைசியில் 0 என்ற நிலையில் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஆகவே இது ரெகுலர்தான்.

இங்கே லெம்மா ஏன் நம்மைத் தடுக்கவில்லை என்று பாருங்கள். எதிராளி p = 52 என்கிறார். நாம் ஜெயிக்க 52 I-க்களோடு தொடங்கும் ஒரு சரத்தைக் கொடுக்க வேண்டும். அப்படிச் சரம் உங்கள் மொழியிலேயே இல்லை, 51-ஆவது ஆள் உள்ளே வர முடியாது. நமக்குத் தேவையான ஆயுதமே கையில் இல்லை.

ரெஜெக்ஸ் இருக்கிறது என்பதற்காக அதை எழுதிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எல்லை 1 என்றால் `^(IO)*$`. எல்லை 2 என்றால் `^(I(IO)*O)*$`. எல்லை ஒன்று கூடும்போதெல்லாம் இன்னோர் அடுக்கு அடைப்புக்குறி உள்ளே போகும். 50-க்கு ஐம்பது அடுக்கு. அந்தப் பெட்டி அவ்வளவு அடுக்குகளை ஏற்குமா என்பது தனிக் கேள்வி. கையால் தட்டாமல் ஒரு சின்ன நிரலை வைத்து உருவாக்கி முதலில் சோதித்துப் பாருங்கள்.

மண்டபக்_கதவு

நன்றி ஐயா. ஆனால் சில நாள் காலையில் கருவியை ஓட விடும்போதே துப்புரவுப் பணியாளர்கள் உள்ளே இருப்பார்கள். அப்போது முதல் பதிவே O ஆக இருக்கும்.

பழைய_விரிவுரையாளர்

அப்படியானால் வித்தியாசம் பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் போகும். -50 முதல் 50 வரை 101 நிலைகள், விழுவதற்கு ஒன்று. இன்னமும் ரெகுலர்தான். ஆனால் அந்த நாளில் I-யும் O-வும் சமம் என்றால் என்ன அர்த்தம்? காலையில் இருந்த அதே எண்ணிக்கை இரவிலும் உள்ளே இருக்கிறது என்றுதானே? மண்டபம் காலியா என்று அதிலிருந்து தெரியாது. இதை எந்த டிஎஃப்ஏ-வும் சரிசெய்யாது, காலையில் எத்தனை பேர் என்று யாராவது சொல்ல வேண்டும்.

யீஷூன்_மாலா

எங்கள் விடையைத் திருத்தி எழுதிப் பார்த்தேன்:

> L ரெகுலர் என்று கொள்வோம், p அதன் பம்பிங் நீளம். w = a^p b^p. இது L-இல் உள்ளது, நீளம் 2p. |xy| ≤ p, |y| ≥ 1 என்று இருக்கும் எந்தப் பிரிப்பு w = xyz-ஐயும் எடுத்துக்கொள்வோம். w-இன் முதல் p எழுத்துகளும் a என்பதால் y = a^t, 1 ≤ t ≤ p. i = 0 எனில் xz = a^(p-t) b^p. t ≥ 1 என்பதால் a-க்கள் b-களைவிடக் குறைவு. ஆகவே xz L-இல் இல்லை. லெம்மாவுக்கு முரண். L ரெகுலர் அல்ல.

முன்பு எழுதியதைவிடச் சின்னதாகவே வருகிறது. i = 2 எடுக்காமல் 0 எடுத்தது சரிதானே?

பழைய_விரிவுரையாளர்

சரி. i = 2 எடுத்தாலும் சரி, 1 மட்டும் வேண்டாம். "எந்தப் பிரிப்பையும்" என்ற சொல்லை விடாமல் எழுதியிருக்கிறீர்கள், அது முக்கியம். "x காலி, y = a என்று பிரிப்போம்" என்று தாமாகவே பிரித்து எழுதுகிற விடைத்தாள்களை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். சரம் சரியாக இருக்கும், i சரியாக இருக்கும், ஆனால் எதிராளியின் வேலையை இவர்களே செய்திருப்பார்கள்.

அப்புறம், உங்கள் பழைய மூன்று நிலைமைகளைக் காப்பாற்றவும் ஒரு வழி இருக்கிறது. L ரெகுலர் என்றால், அதையும் `a*b*` என்ற ரெகுலர் மொழியையும் வெட்டினால் கிடைப்பதும் ரெகுலராக இருக்க வேண்டும். வெட்டினால் கிடைப்பது a^n b^n. அதன் பிறகு நீங்கள் எழுதிய மூன்று நிலைமைகளும் அப்படியே செல்லும், ஏனென்றால் வெட்டியபோது வரிசை விதி உள்ளே வந்துவிட்டது.

கிளமெண்டி_குமரன்

ஆனால் கேள்வியில் "பம்பிங் லெம்மாவை வைத்து" என்று இருக்கிறதே ஐயா. வெட்டு எடுத்தால் திருத்துபவர் ஒப்புக்கொள்வாரா? எங்கள் துணைப்பாட வகுப்பில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பழைய_விரிவுரையாளர்

நான் திருத்தினால் ஒப்புக்கொள்வேன், கடைசியில் லெம்மாதானே வேலை செய்கிறது. மாலாவின் திருத்துநர் என்ன நினைப்பார் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

யீஷூன்_மாலா

எங்கள் குழுவில் ஒருவர் வெட்டு எடுத்துத்தான் எழுதியிருந்தார். அவருக்கும் குறைத்திருக்கிறார்கள், காரணம் எழுதவில்லை. திங்கட்கிழமை கேட்கப் போகிறோம்.

தெம்பனிஸ்_நிலா

ஐயா, ஒரே ஒரு கேள்வி. a-வும் b-யும் சமமாக இல்லாத சரங்களின் மொழி? நான் w = a^p b^(p+1) எடுத்துப் பார்த்தேன், p = 5-க்கே எதிராளி தப்பித்துவிடுகிறார்.

பழைய_விரிவுரையாளர்

எதிராளி y = aa எடுத்திருப்பார். a இரண்டிரண்டாகத்தான் கூடும், குறையும்: 3, 5, 7, 9. b ஆறு. ஒருபோதும் சமமாகாது. y = aaa எடுத்தாலும் 2, 5, 8 என்று ஆறைத் தாண்டிக் குதித்துவிடும்.

சுலபமான வழி, அது L-இன் நிரப்பி. அது ரெகுலர் என்றால் L-உம் ரெகுலர் ஆகிவிடும், ஆகாது என்று ஏற்கெனவே காட்டிவிட்டோம். நேராக லெம்மாவாலேயே செய்ய வேண்டும் என்றால், எதிராளி எந்த t-ஐ எடுத்தாலும் அதன் மடங்காக இருக்கும் ஓர் இடைவெளியை நாம் முன்கூட்டியே விட்டு வைக்க வேண்டும். t என்பது 1 முதல் p வரை எதுவாகவும் இருக்கலாம். p! அத்தனையாலும் வகுபடும். ஆகவே w = a^p b^(p + p!). y = a^t என்றால் i = 1 + p!/t என்று எடுங்கள்.

p = 5-க்குப் போட்டுப் பாருங்கள். 5! = 120, ஆகவே a ஐந்து, b 125. எதிராளி t = 3 எடுத்தால் i = 41. கூடுதலாக 40 முறை மூன்று a, அதாவது 120. ஐந்தோடு சேர்த்து 125.

தெம்பனிஸ்_நிலா

ஓடிவிட்டது ஐயா! `eq`-க்கு முன்னால் `not` போட்டு, `range(4)`-ஐ `range(122)` ஆக்கினேன். t = 1 எடுத்தால் i 121 வரை போக வேண்டியிருக்கிறது, அதனால்தான் முதலில் நான்கோடு நிறுத்தியபோது எல்லாமே தப்பிப்பது போலக் காட்டியது.